காணாமல் போன மூன்றாம் பத்தி

"மூணு எங்கடா?" என்று கேட்டார் அப்பா.

கடல் தாண்டி, தூதரகத்தின் காத்திருப்புக் கூடத்தில், நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்டார். அக்கா பிடித்திருந்த செல்போனில் அவருடைய நெற்றியும் ஒரு புருவமும் மட்டும் தெரிந்தன. இந்தப் பக்கம், பத்திரக்காரரின் அறையில், ஆடும் ஸ்டூலில் மகன் கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். அங்கே காலை பத்தே முக்கால், இங்கே பிற்பகல்.

"எந்த மூணுப்பா?"

"ஒண்ணாம் பத்தி இருக்கு. ரெண்டு இருக்கு. அதுக்கப்புறம் அரைச் சாண் வெறும் காகிதம். அப்புறம் நாலு. மூணு எங்க?"

கண்ணாடிக்காரர் தன் கையிலிருந்த நகலைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இருபத்தாறு வருடங்களாகக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். நாலு தெரு ஜனங்களுக்கு எழுத்துத் தெரிவதே அவர் புண்ணியத்தில்தான். அப்படிப்பட்டவர் இந்தப் பத்திரத்தை மூன்று தடவை படித்து, "எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். வைத்தியன் வீட்டு நாய் நொண்டி என்பார்கள். இங்கே வைத்தியனே நொண்டி.

"பத்திரக்காரரே, மூணு எங்க?"

பத்திரக்காரர் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் நிதானமாக மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். அவர் பொடி போட்டால் தப்பு அவருடையது அல்ல என்று அர்த்தம்.

"மூணுதானே சார் அதிகாரம். யார் யாருக்கு எழுதறாங்கன்னு ஒண்ணு. எந்த வீடுன்னு ரெண்டு. என்னென்ன செய்யலாம்னு மூணு. அதை நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?"

"நானா?"

"நீங்க, உங்க அக்கா, உங்க தம்பி. எல்லாருமா."

நடந்தது இதுதான். நகராட்சி சாலையை அகலப்படுத்தப் போவதாக நோட்டீஸ் வந்திருந்தது. வீட்டு முன்பக்கத்தில் ஐந்தடி போகும். ஐந்தடி என்றால் சுற்றுச்சுவரும், அதற்குப் பின்னால் முன்னறையில் பாதியும். முன்னறை அப்பாவுடையது. அவருடைய நாற்காலியும் அலமாரியும் அங்கேதான். இன்னும் பத்து நாளில் விசாரணை. வீட்டின் உரிமையாளரோ, அவர் முறைப்படி அதிகாரம் கொடுத்தவரோ நேரில் வந்து ஆட்சேபம் சொல்லலாம். யாரும் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்ளப்படும். உரிமையாளர் அப்பா. அப்பாவோ இரண்டு வருடமாக அக்கா வீட்டில். ஆகவே அதிகாரப் பத்திரம்.

பத்திரக்காரர் முதலில் எழுதிய வரைவில் மூன்றாம் பத்தி கல்யாண விருந்து மாதிரி நிறைவாகத்தான் இருந்தது. விற்க, அடமானம் வைக்க, வாடகைக்கு விட, வழக்காட, விசாரணையில் ஆஜராக, இவை தவிர சகல காரியங்களும் செய்ய. கண்ணாடிக்காரர் அதைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டார். அதுதான் வினை.

'விற்க எதுக்கு?' என்றாள் அக்கா. எடுத்தார்கள். 'அடமானம்னு பாத்தாலே தூக்கம் போகுது' என்றான் வேறு ஊரிலிருக்கும் தம்பி. எடுத்தார்கள். அவன் வாய் திறந்ததால் அக்காவுக்கு ரோஷம் வந்து வாடகையை எடுக்கச் சொன்னாள். அவள் எடுத்ததால் தம்பி வழக்கை எடுத்தான். 'சகல' என்ற சொல்லைப் பார்த்து இருவருமே மிரண்டார்கள். பிறந்ததிலிருந்து அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். கடைசியில் 'ஆஜராக' மட்டும் தனியாக நின்றது.

"அதை யார் எடுத்தது?" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஆஜராகன்னா அப்பா பயப்படுவாரு, ஏதோ கொலைக் கேஸ் மாதிரி இருக்கு, கொஞ்சம் மிருதுவா வேற வார்த்தை யோசிச்சுச் சொல்றேன்னு போன் பண்ணீங்க. சரின்னு எடுத்தேன். நீங்க யோசிக்கவே இல்ல. கூரியர்க்காரன் வந்து நின்னான். அனுப்பிட்டேன்."

"நம்பரையாவது மாத்தியிருக்கக் கூடாதா?"

"நம்பர் கடைசில மாத்தறதுதான் சார் வழக்கம். இன்னும் கடைசி வரலியே."

செல்போனில் புருவம் நகர்ந்து வாய் வந்தது. "என்னடா அங்க பொருமிட்டிருக்கே? நாலாம் பத்தியப் படிக்கறேன் கேளு. 'மேலே மூன்றாம் பத்தியில் கண்ட அதிகாரங்களைத் தவிர வேறு எதையும் முகவர் செய்யக்கூடாது.' அஞ்சு: 'அவற்றின்படி முகவர் செய்வதை எல்லாம் நானே நேரில் செய்ததாக ஒப்புக்கொள்கிறேன்.' எவற்றின்படிடா?"

"அப்பா, அது வந்து..." கண்ணாடிக்காரர் ஸ்டூலில் நேராக உட்கார்ந்தார். ஸ்டூல் கோணலாகப் போயிற்று. அப்பா முப்பத்து நாலு வருடம் ஓர் ஆலையில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். அவருக்குப் புரிகிற பாஷையில் சொன்னால் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தார். "உங்க ஸ்டோர்ல கேட் பாஸ் குடுப்பீங்கல்ல? இதுவும் கேட் பாஸ் மாதிரிதான்."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, தேன்கூட்டில் கல்லெறிந்துவிட்டோம் என்று.

"கேட் பாஸா? சரக்கு என்னன்னு எழுதாத கேட் பாஸா? உனக்கு நினைவிருக்காது, நீ அப்ப கைக்குழந்தை. எனக்கு முன்னாடி இருந்தவன் ஒருத்தன் வெத்துப் பாஸ்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தான். அதை வெச்சு ஒரு லாரிய வெளியில கொண்டு போனானுங்க. லாரில இருந்த சரக்கை இல்ல, லாரியவே! அவன் வேலை போச்சு. அந்த நாற்காலிலதான் நான் உக்காந்தேன்."

"அப்பா, இதை வெச்சு ஒரு ஆணியைக்கூட வெளியில கொண்டு போக முடியாது. மூணுல ஒண்ணும் இல்ல. நாலு, மூணைத் தவிர எதுவும் கூடாதுங்குது. அப்ப எனக்கு அதிகாரம் சைபர்."

"சைபருக்கு முன்னாடி ஒண்ணு போட எவ்வளவு நேரம்டா ஆகும்? அரைச் சாண் இடம் விட்டு வெச்சிருக்கே."

பத்திரக்காரர் தலையை உள்ளே நீட்டினார். "பெரியவரே, வணக்கம். உங்க பையன் அப்படிப்பட்டவர் இல்ல."

"என் பையன் எப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரியும். மூணு தடவை படிச்சுட்டு எல்லாம் சரியா இருக்குன்னு சொல்றவன். நான் அவனைச் சொல்லல. காகிதத்தைச் சொல்றேன்."

அக்காவின் முகம் திரையில் வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர்கள் கேட்டுவிடக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"இவர் வெத்துக்காகிதம்ங்கறார், நீ சைபர்ங்கற. சைபர்னா நான் எதுக்குடா லீவு போட்டுட்டு இவரை ரெண்டு ரயில் மாத்திக் கூட்டிட்டு வந்தேன்? கவுன்ட்டர் பன்னெண்டுக்கு மூடிருவாங்க. அடுத்த தேதி கேட்டா அஞ்சு வாரம் கழிச்சுத்தான் இருக்காம்."

"ஏன், நீதானே விற்கவை எடுக்கச் சொன்னே?"

"விற்கவைத்தான் சொன்னேன். மிச்சத்தை நீ காப்பாத்தி வெச்சிருப்பேன்னு நினைச்சேன். வீட்டுக்குப் பெரிய பிள்ளைன்னு ஒருத்தன் இருக்கானேன்னு."

பத்து நாளில் விசாரணை, ஐந்து வாரத்தில் தேதி. கண்ணாடிக்காரருக்குக் கணக்கு வராது. ஆனாலும் இந்தக் கணக்கு வந்தது. அவர் கண்ணுக்கு முன்னால் ஒரு இயந்திரம் வந்து அப்பாவின் அலமாரியை முறுக்கு மாதிரி நொறுக்கியது.

"கவுன்ட்டர்ல இருக்கற அம்மாகிட்டயே கேட்டுடலாம்" என்று எழுந்தார் அப்பா. திரையில் கூரை, விளக்கு, யாரோ ஒருவருடைய தொப்பி எல்லாம் ஓடின. கடைசியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி தெரிந்தார். அப்பாவின் மூன்று கேள்விகளுக்கு ஏற்கெனவே பதில் சொல்லிக் களைத்த முகம்.

"அம்மா, இதுல அதிகாரம் என்னன்னே எழுதல. நான் கையெழுத்துப் போட்டா நீங்க முத்திரை போடுவீங்களா?"

"போட மாட்டேன் ஐயா. நடுவுல இவ்வளவு வெற்றிடம் இருக்கே. உள்ள என்ன எழுதணும்ங்கறது உங்க விஷயம், நான் அதுல தலையிட முடியாது. கையெழுத்து உங்களுதுதான், புரிஞ்சுதான் போடறீங்க, யாரும் கட்டாயப்படுத்தலன்னு பாக்கறதுதான் என் வேலை."

"கட்டாயம்லாம் இல்ல. புரியத்தான் இல்ல."

"அதை என் முன்னாடி சொல்லிட்டீங்களே ஐயா" என்று அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

கண்ணாடிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். பத்திரக்காரர்தான் செல்போனைப் பிடுங்கினார். தொழில் என்று வந்தால் அந்த மனுஷர் சிங்கம். "மேடம், நான் பத்திரம் எழுதறவன். அந்த இடத்துல பெரியவரே கையால எழுதி, ஓரத்துல சுருக்கொப்பம் போட்டு, மிச்ச இடத்தைக் கோடு போட்டு அடைச்சா ஏத்துக்குவீங்கதானே?"

"எல்லாத்தையும் கையெழுத்துக்கு முன்னாடி எழுதணும். சேர்த்த இடத்துலல்லாம் அவரோட சுருக்கொப்பம் இருக்கணும். அப்புறம் என் முன்னாடி கையெழுத்து. சாட்சி ரெண்டு பேரும் இருக்கட்டும். பன்னெண்டுக்குள்ள வாங்க."

அதைக் கேட்டதும் அப்பா மாறிப்போனார். இரண்டு வருடமாக அக்கா வீட்டில் அவருக்கு எழுதுவதற்கு என்று ஒரு வேலையும் இருந்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, அக்காவின் கைப்பையை மடியில் வைத்து அதன்மேல் பத்திரத்தை விரித்து, சட்டைப் பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்தார். முதல் காரியமாக இரண்டு செங்குத்துக் கோடுகள் போட்டார்.

"என்னப்பா பண்றீங்க?"

"கட்டம். வரிசை எண், விவரம், அளவு."

"அதிகாரத்துக்கு ஏதுப்பா அளவு?"

"அளவு போடாம எதையும் நான் வெளிய விட்டதில்ல. சொல்லு. உனக்கு என்ன வேணும்?"

ஐம்பத்து இரண்டு வயதில், ஸ்டோர் ஜன்னலுக்கு வெளியே நின்று ஸ்பானர் கேட்கிற தொழிலாளி மாதிரி, கண்ணாடிக்காரர் ஒவ்வொன்றாகக் கேட்டார். பத்திரக்காரர் பக்கத்தில் நின்று வாசகம் எடுத்துக்கொடுத்தார். அப்பா எழுதினார்.

ஒன்று: சாலை அகலப்படுத்தும் விஷயமாக நகராட்சி விசாரணையில் எனக்காக ஆஜராக. அளவு: எத்தனை தடவை கூப்பிட்டாலும்.

"ஆஜராகன்னா பயமா இல்லையாப்பா?"

"ஏன் பயம்? எங்க ஆலையில தினம் காலையில ஆஜர்னுதானே கையெழுத்துப் போட்டேன்?"

பத்திரக்காரர் பொடி டப்பாவை எடுக்காமலேயே கண்ணாடிக்காரரைப் பார்த்தார்.

இரண்டு: ஆட்சேபம் சொல்லவும் எழுதிக் கொடுக்கவும். மூன்று: வீட்டுப் பத்திரத்தையும் வரைபடத்தையும் காட்ட. அளவு: நகல் மட்டும். நான்கு: என் பெயருக்கு வரும் நோட்டீஸ்களை வாங்க. ஐந்து: வாய்தா கேட்க.

"ஆறு, சமரசம் பேச, நகராட்சி சொல்றதை ஒப்புக்கொள்ள" என்றார் பத்திரக்காரர்.

பேனா நின்றது.

"அது வேண்டாம்."

"போடுங்கப்பா. ஏதாவது நல்லதா சொன்னாங்கன்னா சரிங்கணும்ல?"

"ஸ்டோர் ரூம்ல ரெண்டு பூட்டு இருந்துது. ஒரு சாவி உதவியாளன்கிட்ட. ஒண்ணு என்கிட்ட. அவன் நல்லவன்தான், உங்க அக்கா கல்யாணத்துக்குப் பந்தல் போட்டதே அவன்தான். இருந்தாலும் ரெண்டு சாவியையும் அவன்கிட்ட குடுத்ததில்ல. வேண்டாம்னு சொல்றதுக்கு உனக்கு அதிகாரம் தரேன். சரிங்கறதுக்கு என்னைக் கேளு."

"பெரியவரே, எழுதாத அதிகாரம் இல்லாத அதிகாரம். பின்னாடி திண்டாடுவார்."

"திண்டாடட்டும்" என்றார் அப்பா. ஆறாவதாக அவராகவே ஒன்று எழுதினார்: முன்னறையில் உள்ள என் நாற்காலியை யாரும் நகர்த்தக்கூடாது. அளவு: ஒன்று.

"அப்பா, இது அதிகாரம் இல்ல. தடை."

"ஸ்டோர்ல ரெண்டுக்கும் ஒரே புஸ்தகம்தான்."

மிச்சமிருந்த இரண்டு விரற்கடை இடத்தைக் குறுக்குக்கோடு போட்டு அடைத்தார். அது யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது. பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது கவுன்ட்டரில் நின்று, பெண் அதிகாரி "இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க ஐயா" என்று கேட்க, ஆறு வரிகளையும் பேப்பரைப் பார்க்காமல் ஒப்பித்தார். அவர் கையெழுத்துப் போட, அக்காவும் பக்கத்து நாற்காலிக்காரர் ஒருவரும் சாட்சி போட, முத்திரை விழுந்தது.

நாலாம் நாள் கூரியர் வந்தது. வெளிநாட்டில் எழுதிய பத்திரம் என்பதால் இங்கே முத்திரைக் கட்டணம் கட்டிச் செல்லுபடியாக்க வேண்டும் என்று பத்திரக்காரர் எடுத்துக்கொண்டு ஓடினார். அந்த அலுவலகத்தில் எல்லோரும் 'அளவு' கட்டத்தை எட்டி எட்டிப் பார்த்தார்களாம். "என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணு எழுதினதில்ல சார்" என்றார் திரும்பி வந்து. நொந்துகொண்டாரா பெருமைப்பட்டாரா என்று சொல்வது கஷ்டம்.

விசாரணை நாளன்று கண்ணாடிக்காரர் கடையைச் சாத்திவிட்டு நகராட்சிக்குப் போனார். விசாரணை அதிகாரியின் அறையில் ஒரு மின்விசிறி, ஒரு தெரு வரைபடம், காற்றில் பறக்காமல் இருக்கக் கோப்புகளின் மேல் ஒன்றுக்கொரு கல். அதிகாரி பத்திரத்தைக் கடைசி வரை படித்தார். ஆறாவது வரியில் ஒரு கணம் நின்று, நிமிர்ந்து, கண்ணாடிக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"நாற்காலி பத்திரமா இருக்கா?"

"இருக்கு சார்."

"சரி. ஆட்சேபம் சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் சொன்னார். நன்றாகவே சொன்னார். வரைபட நகலை நீட்டினார். அதிகாரி அதைத் தெரு வரைபடத்தோடு வைத்து ஸ்கேலால் அளந்தார். ஒருமுறை உதட்டைப் பிதுக்கினார். பிறகு எதிர்பாராத விதமாகச் சிரித்தார்.

"எதிர்ப்பக்கம் காலி இடம் இருக்கு. சாலைக் கோட்டை அந்தப் பக்கம் தள்ளிடலாம். உங்க அறைக்கு ஒண்ணும் ஆகாது. சுற்றுச்சுவரை மட்டும் ரெண்டரையடி உள்ள தள்ளிக் கட்டணும். உரிமையாளர் சம்மதம்னு எழுதிக் குடுத்தா இன்னிக்கே உத்தரவு போட்டுடறேன்."

கண்ணாடிக்காரருக்கு எழுந்து அந்த மனுஷரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வாயைத் திறந்தார். மூடினார்.

"என்ன, சரிதானே?"

"நல்ல யோசனைதான் சார்."

"அப்ப சரின்னு சொல்லுங்க."

"அதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல சார்."

அதிகாரி பத்திரத்தை மறுபடி எடுத்தார். விரலை வைத்து வரிவரியாக இறங்கினார். "ஆட்சேபிக்கலாம். நகல் காட்டலாம். நோட்டீஸ் வாங்கலாம். ஒப்புக்கொள்ள... இல்லியே?"

"இல்ல சார்."

"நல்லது சொன்னாக்கூட?"

"நல்லதைக்கூட ஆட்சேபிக்கத்தான் சார் முடியும்."

"ஆட்சேபிச்சா, ஐந்தடியோ ரெண்டரையடியோ எதுவுமே வேண்டாம்னு பதிவாகும். நான் பழைய கோட்டையே உறுதி பண்ண வேண்டி வரும். அப்புறம் நாற்காலியை நகர்த்தாம இருக்க முடியாது."

கல்லுக்கடியில் காகிதங்கள் படபடத்தன. கண்ணாடிக்காரர் அப்பாவுக்கு போன் செய்யலாமா என்று கேட்டார். போனில் சொல்கிற சரி செல்லாது, எழுத்தில் வேண்டும் என்றார் அதிகாரி. தலையாட்டினால்? தலைக்கும் அதிகாரம் வேண்டும். மழைக்காலம் அல்ல, ஆனாலும் கண்ணாடிக்காரரின் சட்டை நனைந்துவிட்டது. அப்போதுதான் ஐந்தாம் வரி நினைவுக்கு வந்தது.

"வாய்தா கேக்கறேன் சார். அதுக்கு அதிகாரம் இருக்கு."

"அது இருக்கு" என்று ஒப்புக்கொண்டார் அதிகாரி. "ஆறு வாரம் தரேன். புதுப் பத்திரம் கொண்டு வாங்க. இல்லேன்னா உரிமையாளரையே கூட்டிட்டு வாங்க. இந்தக் கட்டம் போட்டவரை நானும் ஒரு தடவை பாக்கணும்."

வெளியே வராந்தாவில் நின்று கண்ணாடிக்காரர் போன் செய்தார். பெருமூச்சும் கோபமும் பாதிப் பாதியாகக் கலந்து நடந்ததைச் சொன்னார். அறைக்கு ஆபத்தில்லை என்பதைச் சொன்னபோது அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"பாத்தீங்களாப்பா? அந்த ஒரு வரிய எழுதியிருந்தா இன்னிக்கே முடிஞ்சிருக்கும். இப்ப மறுபடி தேதி வாங்கி, ரெண்டு ரயில் ஏறி..."

"தேதி எதுக்கு? அவர் என்ன சொன்னாரு? புதுப் பத்திரம், இல்லேன்னா?"

"இல்லேன்னா உரிமையாளர் நேர்ல வரணும்."

"வரேன்."

கண்ணாடிக்காரர் வராந்தாத் தூணில் சாய்ந்தார்.

"எண்பத்தொரு வயசுல சரின்னு சொல்றதுக்காக விமானம் ஏறப் போறீங்களா?"

"சரின்னு சொல்றது அப்படி ஒண்ணும் லேசான காரியம் இல்லடா. முக்கால் மணி நேரம் நின்னும் உன்னால முடியல பாரு."

அக்கா போனை வாங்கினாள். அவள் குரலில் கோபம் இருக்கவேண்டிய இடத்தில் வேறு என்னமோ இருந்தது. "இவர் தூதரகத்துல இருந்து வந்த அன்னிக்கே பெட்டியைத் தூசி தட்டிட்டாருடா. எங்க போறீங்கன்னு கேட்டா, வாய்தா வாங்குவான், அதுக்குள்ள துணி மடிக்கணும்ங்கறாரு. நான் ஒரு குறையும் வெக்கலடா. இருந்தாலும் இங்க இவருக்குன்னு ஒரு பூட்டுகூட இல்லியாம். கதவெல்லாம் தானா சாத்திக்குது. அதை ஒரு குத்தமா என்கிட்ட சொல்றாரு."

"சொன்னேனே தவிர குத்தமா சொல்லல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அன்று சாயங்காலம் கண்ணாடிக்காரர் முன்னறையைத் திறந்தார். இரண்டு வருடத் தூசி. விளக்குமாற்றை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தவர் நாற்காலியிடம் வந்ததும் நின்றார். அதன் நாலு காலடியிலும் ஒட்டடை. கை வைக்கப் போனார். எழுதாத அதிகாரம் இல்லாத அதிகாரம். கையை எடுத்துக்கொண்டு அப்பாவுக்குச் செய்தி அனுப்பினார்: 'நாற்காலியை நகர்த்திப் பெருக்க அனுமதி வேண்டும். அளவு: ஒரு தடவை.'

பதில் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்பாவுக்கு ஒவ்வோர் எழுத்தையும் தேடித்தான் அடிக்க வேண்டும்.

'வேண்டாம். சுத்திப் பெருக்கு. அடில உள்ளதை நான் வந்து பெருக்கிக்கறேன்.'

கண்ணாடிக்காரர் குனிந்து, நாற்காலியைச் சுற்றி, ஒரு விரற்கடை தள்ளி, கவனமாகப் பெருக்கினார்.